வியாழக்கிழமைக் கேள்வி

என் கணவர் பேசியே கிரைண்டர் விற்றவர். தாராவியில் எங்கள் கடை, நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவு. டேபிள் டாப் கிரைண்டர், சாய்த்து மாவு எடுக்கிற டில்டிங் கிரைண்டர், கொஞ்சம் மிக்ஸி, மிச்சமெல்லாம் ரிப்பேர். போர்டுகூட சரியாகத் தெரியாது, பக்கத்துக் கடைக்காரரின் தகரக் கூரை பாதியை மறைத்துவிடும். ஆனால் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எங்கெங்கிருந்தோ போன் வரும். போன் பேச நேரமில்லாதவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள். அவர் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் இன்னொரு கையில் போனுமாக எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். "எம்மா, ரெண்டு லிட்டருன்னா ரெண்டு கிலோ அரிசி போடலாம்னு நெனச்சிராதிய" என்று ஆரம்பித்தால் உளுந்து ஊறவைக்கிற நேரம் வரைக்கும் போவார். இவ்வளவு பேசுகிற மனுஷன் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டை.

சந்தேகம் தீர்ந்த பிறகுதான் ஆட்கள் கடைக்கு வருவார்கள். வந்தால் பேரம்கூட அதிகம் பேச மாட்டார்கள். ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் வாங்கிப் போனார்கள். அவர்கள் வாங்கியது கிரைண்டரை இல்லை, அண்ணாச்சி சொன்ன பதிலை என்று நான் புரிந்துகொள்ள, அந்தப் பதில் நின்றுபோக வேண்டியிருந்தது.

அவர் குரல் கொஞ்ச நாளாகக் கரகரப்பாக இருந்தது. ரோட்டுச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தோம். "ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க, எல்லாஞ் சரியாப் போவும்" என்று சொன்னது நான்தான். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. பரேலில் இருக்கிற ஆஸ்பத்திரியில் பார்த்து, புற்றுநோய் என்று சொல்லி, குரல்வளையை மொத்தமாக எடுத்தார்கள். இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாக. பிற்பாடு ஒரு சின்னக் கருவி வைத்துப் பேசவைக்க முயற்சி செய்யலாம், முதலில் கதிர்வீச்சுப் புண் ஆறட்டும் என்றார்கள். கனமான எதையும் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நாம் பாரம் தூக்கும்போது தொண்டையை அடைத்து மூச்சைப் பிடிக்கிறோமாம். அவருக்கு அடைக்கத் தொண்டை இல்லை.

கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம் கழித்து நாங்கள் கடையைத் திறந்தோம். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் ரிசப்ஷனில் இருந்தேன், அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். அவர் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, மடியில் குழந்தைகள் எழுதுகிற பிளாஸ்டிக் சிலேட்டோடு பக்கத்தில் இருப்பார். போன் அடிக்கும். நான் எடுப்பேன்.

"அண்ணாச்சி இல்லையா?"

"வெளிய போயிருக்காவ. நீங்க எங்கிட்ட சொல்லுங்க."

"கல்லு ரெண்டு இருக்கிறது நல்லதா, மூணு இருக்கிறதா?"

நான் அவரைப் பார்ப்பேன். அவர் சிலேட்டில் எழுத ஆரம்பிப்பார். முதல் வரி எழுதி முடிப்பதற்குள் அந்தப் பக்கம், "சரி, அண்ணாச்சி வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார்கள். அவர் எழுதிய பாதி வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருப்பார், பிறகு துடைப்பார். ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை நடக்கும் தெரியுமா. நேரில் வந்தவர்களோ அவர் கழுத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டுக்கு வந்த மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டு, வாங்க வந்ததையே மறந்து போய்விடுவார்கள்.

மழைக்காலம் முழுவதும் புது மெஷின் ஒன்றுகூடப் போகவில்லை. ஒருநாள் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: கடையை விட்டுருவோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பயம்தான். அவர் காலையில் எழுந்து, அந்தக் கழுத்துக் குழாயைக் கழுவி, சட்டை போட்டுக்கொள்வதே கடைக்கு வருவதற்காகத்தான். கடை இல்லையென்றால் அவர் எழுந்திருக்க மாட்டார். சோறு தண்ணிக்கு எங்கள் மகள் சம்பாதிக்கிறாள், ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்குக் கடை வேண்டியிருந்தது அதற்காக இல்லை. அவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் அவர் தேவைப்பட வேண்டும். அது போனால் அவர் போய்விடுவார்.

யோசனை பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்தது. அங்கே நாள் முழுக்க ஒரே கேள்விதான்: "தண்ணி குடிச்சிட்டு வரலாமா?" தாங்க முடியாமல் ஒருநாள் நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே பதிலையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ரிப்போர்ட் கவரிலும் அச்சடிக்கச் சொன்னேன். தொந்தரவு பாதியாகக் குறைந்தது. கிரைண்டர் வாங்குகிறவர்களுக்கும் ஏழெட்டுச் சந்தேகத்துக்கு மேல் இருக்காது, அதை வாரம் ஒன்றாக எழுதிப் போட்டால் என்ன என்று தோன்றியது. அவர் பேச முடியாததை, முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் போயிற்று.

கேள்விகளைத் தேட எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை, கடை போனுக்குள்ளேயே இருந்தன. இரண்டு வருஷத்து வாய்ஸ் மெசேஜ். காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பழைய சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் கேள்வியை எழுதி, மறுபடி அதே கேள்வி வரும்போது பக்கத்தில் ஒரு கோடு. ஒரே சந்தேகத்தை ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஃபிளாட்ல சத்தம் கேக்குமா", "கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா", "குழந்தை தூங்கும்போது ஓட்டலாமா" என்று மூன்று பேர் கேட்டாலும் அது ஒரே கேள்விதான். அப்படிச் சேர்த்துக்கொண்டே போனேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் ஆரம்பிக்கும் முன் நிறுத்திவிடுவேன். பதில் முழுக்க அவர் குரல். கொஞ்ச தூரத்தில் சிலேட்டோடு அவர் உட்கார்ந்திருக்க, காதுக்குள் அவர் "எம்மா" என்று ஆரம்பிப்பதைக் கேட்க எனக்கு நெஞ்சில் தெம்பு இல்லை.

எண்ணி முடித்தபோது முதல் இடத்துக்கு வந்தது எடையோ கல்லோ சத்தமோ இல்லை. "ரிப்பேர் ஆனா யாரு வருவா?" அதற்குப் பக்கத்தில் கோடுகள் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன. இத்தனை வருஷமும் வீடு வீடாகப் போனது அவர்தான். நான் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். இதைக் கடைசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொன்ன பொய்களில் இது ஒன்றும் பெரியதில்லை என்றும் நினைத்தேன்.

முதல் வாரத்துக்கு, கல்லிலிருந்து தூள் வருமா என்ற கேள்வியை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி இரண்டு பக்கம் எழுதி, கடை போனின் ஸ்டேட்டஸில் போட்டேன். யார் பார்த்தார்கள் என்று பார்த்தால் எங்கள் ஊர் நாசரேத்தில் இருக்கிற என் அக்கா, அவள் சம்பந்தி வீட்டுக்காரர்கள், அப்புறம் கடைக்குக் கிரைண்டர் பெல்ட் சப்ளை செய்கிற ஆள். என் அக்கா போன் செய்து, "எதுக்குடி எனக்குக் கிரைண்டர் கழுவச் சொல்லித் தாற?" என்று கேட்டாள்.

வேலையிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்தாள். "அரே அம்மா, ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரியும்? நம்ம நம்பர சேவ் பண்ணினவங்களுக்குத்தான் தெரியும். கிரைண்டர் கடை நம்பர யாரு சேவ் பண்ணி வைப்பா? அதும் ஒரு நாள்ல அழிஞ்சிரும்." பிறகு நான் எழுதியதைக் கீழே வரை தள்ளிப் பார்த்தாள். "எனக்கே முழுசாப் படிக்க வரல. ட்ரெயின்ல ஒரு கையால கம்பியப் பிடிச்சிக்கிட்டு யாரு இதப் படிப்பா? ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்ளோதான்."

அவள்தான் கடைக்கு ஒரு பேஜ் திறந்தாள். எழுதிய எதுவும் அழியாமல் அங்கே இருக்கும். யாராவது பழைய கேள்வியைக் கேட்டால் அந்த இணைப்பை அனுப்பினால் போதும். அடுக்குமாடிச் சொசைட்டிகளின் தமிழ் வாட்ஸ்அப் குரூப்களில் தெரிந்தவர்கள் மூலம் பகிரச் சொன்னோம். தலைப்பில் என் வார்த்தை எதுவும் கூடாது, போனில் ஆட்கள் கேட்ட வார்த்தையே இருக்க வேண்டும் என்றாள். முதல் வரியில் பதில், விளக்கம் அதற்குப் பிறகு. தமிழில் ஒரு தடவை, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை. நாள் வியாழக்கிழமை சாயந்திரம். இங்கே ஆபீஸ் போகிற வீடுகளில் சனிக்கிழமை ஊறப்போட்டு ஞாயிறு அரைப்பார்கள், வாங்குவதும் அந்த இரண்டு நாளில்தான். வியாழன் மாலை ட்ரெயினில் பார்த்தால் வெள்ளிக்கிழமை வீட்டில் பேசுவார்கள், சனிக்கிழமை வருவார்கள் என்பது அவள் கணக்கு.

பதில்களுக்கு அவர்தான். நான் எழுதுவேன், அவர் படித்துவிட்டு அடித்து எழுதுவார். கல்லிலிருந்து தூள் வருமா? வரும், முதல் தடவை மட்டும். ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், மாவு வெளுப்பாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. இங்கே வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாமா? வேண்டாம், அங்கே கரண்ட் வேறே, டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் மோட்டார் பாழாகும், அந்த ஊருக்கென்று செய்த மாடலைக் கேட்டு வாங்குங்கள். விற்பனை போகிற பதில் இது, போட வேண்டுமா என்று நான் இழுத்தேன். அவர் சிலேட்டில் 'போடு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அந்த நாட்களில் அவர் காலையில் எனக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றார். அதைப் பார்க்கத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன்.

நாலு வாரம் போயிற்று. பார்த்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கட்டைவிரல் போட்டார்கள், சாமி கும்பிடுகிற கை போட்டார்கள். கடைக்கு ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் நாங்கள் மெஷின்களை எல்லாம் துடைத்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு ஆள் வராத மண்டபம் மாதிரி உட்கார்ந்திருப்போம். மாலையில் அவர் என்னைப் பார்க்காமல் ஷட்டரை இழுப்பார். ஐந்தாவது சனிக்கிழமைக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குப் பித்துப் பிடித்தது போல ஆகிவிட்டது.

நான் செய்தது இதுதான். ஐந்தாவது கேள்வி: "மிக்ஸி இருக்கும்போது கிரைண்டர் எதுக்கு?" இதற்கு அவர் சொன்ன பழைய பதில் ஒன்று போனில் இருந்தது. மிக்ஸியில் மாவு சூடாகும், உளுந்து இவ்வளவு பொங்காது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முதல்தடவையாக முழுவதையும் கேட்டேன். பிறகு மகளிடம் கொடுத்து, மெஷின் ஓடுகிற படத்துக்குப் பின்னால் அந்தக் குரலை வைக்கச் சொன்னேன். "அப்பாகிட்ட கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன். கேட்கவில்லை.

அது ஊரெல்லாம் போனது. குலுங்கக் குலுங்கச் சிரிக்கிற அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அண்ணாச்சி, அண்ணாச்சி என்று எழுதினார்கள். அந்தச் சனிக்கிழமை ஒரு மெஷின் போயிற்று. அடுத்த வாரமும் ஒரு குரல், இன்னொரு மெஷின். இரண்டையும் போனிலேயே பேசி முடித்து ரிக்ஷாவில் அனுப்பினேன், அவர்கள் கடைக்கு வரவில்லை. "அண்ணாச்சி நல்லா இருக்காரில்ல? ரிப்பேர்னா அவர்தானே வருவார்?" என்று இரண்டு பேருமே கேட்டார்கள். "பின்ன? நல்லா இருக்காவ. அவியதான் வருவாவ" என்று நான் சொன்னேன். சொன்னபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெஷின் போன சந்தோஷத்தில் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார். எந்தக் குரல் பேசி அதை விற்றது என்று அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் போனைத் தொடுவதில்லை, அது அடித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். பழைய வாடிக்கைதான், ஆனால் நாலைந்து வருஷமாகப் பார்த்ததில்லை. மகளுக்குத் தலைதீபாவளிச் சீராக ஒரு டில்டிங் கிரைண்டர் வேண்டும் என்று வந்தவர், அவரைக் கழுத்துத் துணியோடு பார்த்ததும் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல.

"என்ன அண்ணாச்சி, ஜலதோஷமா? இதுல இவ்வளவு கணீர்னு பேசறேளே" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து, சத்தமாக வைத்தார்.

கடைக்குள் அவர் குரல் கேட்டது. "எம்மா, மிக்ஸி வேகமாத்தான் சுத்தும், நான் இல்லேங்கல. ஆனா உளுந்துக்கு வேகம் வேண்டாம், பொறுமை வேணும்." அப்புறம் அந்தச் சிரிப்பு.

அவர் எழுந்து நின்றார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர் மாதிரி கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கை தன்னால் கழுத்துக்குப் போனது. துணி விலகியது. மாமி ஓட்டையைப் பார்த்தார், போனை அணைக்கத் தெரியாமல் தடவினார். சிரிப்பு முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. எம்மா, மிக்ஸி வேகமாத்தான் சுத்தும். நான் அந்தப் போனைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

வாசல் வரை மாமியோடு போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. "தப்பா நினைச்சுக்காதீங்கோ. பொண்ணு தனிக்குடித்தனம் போறா. நாளைக்கு மெஷின் நின்னுபோச்சுன்னா யார் வருவா?"

"அவியதான் வருவாவ" என்றேன்.

அவர் என் கையை விட்டார். "சரி, ஆத்துல கேட்டுண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு டாக்ஸி ஏறினார். வர மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளே வந்தால் அவர் சர்வீஸ் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கோடு இழுத்து மறைத்த வரியின்மேல் விரல் இருந்தது. சிலேட்டை எடுத்து எழுதினார்: இத ஏன் போடல?

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "என்னன்னு போடச் சொல்லுதீய? இதுக்கும் உங்க பதில் போனுக்குள்ள கெடக்கு, அதயும் கேட்டுட்டேன். எப்பக் கூப்பிட்டாலும் நானே வாரேன், நான் இருக்கேம்லான்னு சொல்லிருக்கீய. அதப் போடவா? வர முடியாதுன்னு போடவா? அதப் போட்டா இந்தக் கடையில நீங்க யாரு?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. முன்னால் எழுதியதைத் துடைத்தார். பிறகு எழுதத் தொடங்கினார், சின்ன எழுத்தில், இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுதினார்.

'நான் வர மாட்டேன். ஆபரேஷன் ஆகிவிட்டது. என் மனைவி வருவார். பெல்ட், கெப்பாசிட்டர், ஸ்விட்ச், வயர் வீட்டிலேயே மாற்றித் தருவார். மோட்டார் கருகினால் கடைக்குக் கொண்டுவர வேண்டும்.'

"நான் எங்க வருவேன்? எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ஷோவுக்கு வைத்திருந்த மெஷினைக் காட்டினார். அவரால் தூக்க முடியாது, நான்தான் மேசையில் ஏற்றினேன். பிளக்கைப் பிடுங்கியதை என்னிடம் இரண்டு தடவை காட்டினார். டிரம்மை எடுத்துவிட்டு, அடிமூடியின் திருகுகளைக் கழற்றவைத்தார். மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை உள்ளே தள்ளினால் பெல்ட் தொங்கிப்போகும், கழற்றிவிடலாம். புதுசை மாட்டி மோட்டாரை இழுத்து முறுக்க வேண்டும். ரொம்ப இழுத்தால் பேரிங் போகும், தளர்வாக விட்டால் மாவு கெட்டியானதும் டிரம் நின்றுவிடும். விரலால் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் அமுங்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எழுத முடியாமல் என் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டினார். கெப்பாசிட்டரைத் தொடப் போனபோது என் கையில் ஓங்கி ஓர் அடி. பிளக்கை எடுத்தாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்குமாம், ஒரு பல்பின் வயர்களை அதன் இரண்டு முனையிலும் தொடவைத்து அந்தக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மெஷின் சுற்றாமல் 'ம்ம்' என்று மட்டும் சத்தம் போட்டால் உடனே ஸ்விட்சை அணைக்கச் சொல்லு, இல்லாவிட்டால் மோட்டார் எரியும் என்று எழுதினார். செவ்வாயும் புதனும் ஒரே மெஷினைப் பத்துப் பதினைந்து தடவை பிரித்து மூட்டினேன். நகம் இரண்டு உடைந்தது. தப்பு செய்தால் அவர் மேசையைத் தட்டுவார், நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மறுபடி கழற்றுவேன்.

வியாழக்கிழமை மகள் லீவு போட்டு வந்தாள். படம் எடுத்தாகிவிட்டது, என் கை பெல்ட் மாற்றுகிற படம். "இதுக்குப் பேசறது யாரு?" என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

எழுதியதைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான், ஆறு வரி. 'ரிப்பேர் ஆனா யாரு வருவா?' என்ற தலைப்பு வரை நன்றாகத்தான் வந்தது. 'அண்ணாச்சி இனிமேல் வர மாட்டாவ' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மறுபடி. மறுபடியும் அதே இடம். அந்த வரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார், பதில் முதல் வரியில் இருக்க வேண்டும் என்று வாரா வாரம் நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் போனைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, யாரையோ பற்றிச் சொல்வது போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி இனிமேல் வர மாட்டாவ. அவியளுக்கு ஆபரேஷன் ஆயிட்டு, பேச முடியாது. நான்தான் வருவேன். போனவாரமும் அதுக்கு முந்தின வாரமும் நீங்க கேட்டது அவிய பழைய குரல், அதச் சொல்லாமப் போட்டது என் தப்பு.

குரல் கேட்டு வாங்கிய இரண்டு வீட்டுக்கும் போன் செய்து இதையே சொன்னேன். ஒருவர் பரவாயில்லை என்றார். இன்னொருவர் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டோம். அந்த வாரம் சனி ஞாயிறு யாரும் வரவில்லை. பேஜில் வருத்தப்பட்டு எழுதினார்கள், அழுகிற முகம் போட்டார்கள். அவர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார், போனார். நானே கடைக்குக் குழி தோண்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை செம்பூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். சின்ன வயசு. எல்லாவற்றையும் பேஜில் படித்திருந்தார்கள், லிட்டரும் கல்லும் சத்தமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் அவருக்கு வணக்கம் சொன்னாள், அவரும் தலையசைத்தார். பிறகு அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ரிப்பேர்னா நீங்கதானே வருவீங்க?"

"ஆமா" என்றேன்.

"அப்போ இதையே குடுங்க."

மேல் தட்டில் இருந்த இரண்டு லிட்டர் மெஷினைக் காட்டினாள். அவர் அதை எடுக்க எழுந்தார். பல வருஷப் பழக்கம். இரண்டு கையையும் பெட்டிக்கு அடியில் கொடுத்து, தூக்கப் பார்த்தார். கழுத்துத் துணி ஒரு தடவை உப்பி அடங்கியது, பெட்டி அசையவில்லை. அந்தப் பையன் உதவிக்கு வர, அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். இன்னொரு தடவை முயன்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, எனக்கு வழி விட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றார். நான் மூச்சைப் பிடித்துத் தூக்கினேன்.